இரண்டு வார பிபி நோட்டை எப்படிப் படிப்பது?

"இரண்டு வாரம் வீட்டிலேயே பிபி பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று டாக்டர்கள் இப்போது அடிக்கடி சொல்கிறார்கள். மிஷின் வாங்குவதில் சிரமம் இல்லை. பட்டனை அமுக்கினால் எண் வந்துவிடுகிறது. எழுதுவதும் பழகிவிடும். சிக்கல் பதினைந்தாவது நாள்தான் ஆரம்பிக்கிறது. காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை என்று பார்த்தவர் கையில் 56 அளவுகள் இருக்கும். அதில் ஒன்று பயமுறுத்தும், இன்னொன்று ஆறுதல் சொல்லும். டாக்டரிடம் இப்போதே போக வேண்டுமா, அடுத்த மாதம் வழக்கமாகப் போகும்போது காட்டினால் போதுமா? இதை அந்தப் பக்கத்திலிருந்து எப்படித் தெரிந்துகொள்வது?

பெரும்பாலானோர் நோட்டில் முதலில் தேடுவது மிகப் பெரிய எண்ணைத்தான். பயந்த சுபாவம் உள்ளவர் அதைப் பார்த்து இரவெல்லாம் தூங்க மாட்டார். டாக்டரிடம் போக மனமில்லாதவர் மிகச் சிறிய எண்ணைத் தேடிப் பிடித்து, "அன்னைக்கு 122தானே இருந்துச்சு, நமக்கு ஒண்ணுமில்லை" என்று நோட்டை மூடிவிடுவார். இரண்டுமே தவறு. அந்த நோட்டின் விடை தனி எண் எதிலும் இல்லை. சராசரியில் இருக்கிறது. அந்தச் சராசரியைக் காலை, மாலை என்று பிரித்துப் பார்ப்பதில் இன்னும் தெளிவாக இருக்கிறது.

ரத்த அழுத்தம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. மாடிப்படி ஏறினால் கூடும், சிறுநீர் முட்டினால் கூடும், போனில் யாரோடாவது வாக்குவாதம் செய்தால் கூடும். ஓய்வாக உட்கார்ந்து சில நிமிடம் ஆனால் இறங்கும். ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் சிலருக்கு 20 ஏறும். வேறு சிலருக்கு அங்கே நன்றாக இருக்கும், வீட்டிலும் வேலையிடத்திலும்தான் அதிகமாக இருக்கும். இந்த இரண்டாவது வகையினரை வீட்டு அளவு இல்லாமல் கண்டுபிடிப்பது கடினம். ஜப்பானில் ஒஹசாமா என்ற ஊரில் மக்களை வீட்டிலேயே பிபி பார்க்க வைத்துப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். பரிசோதனை முகாமில் எடுத்த அளவைவிட வீட்டில் எடுத்த அளவுகளின் சராசரிதான் பின்னால் வரும் ஆபத்தை நன்றாகக் காட்டியது என்று 1998-ல் வெளியான அவர்களுடைய ஆய்வு சொன்னது. வீட்டு நோட்டுக்கு இன்றைக்கு மருத்துவம் கொடுக்கும் மரியாதைக்கு அதுவும் ஒரு காரணம்.

நோயைக் கண்டுபிடிக்க ஏழு நாள் அளவுகளே போதும் என்பதுதான் பல வழிகாட்டு நெறிகளின் கணக்கு. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இரண்டு வாரம் கூடுதலாகச் சொல்லும். ஒரு வாரத்தில் ஒரு கல்யாணம், ஒரு சளிக்காய்ச்சல் வந்தாலே கணக்கு குழம்பிவிடும். பதினான்கு நாள் இருந்தால் எது வழக்கம், எது விதிவிலக்கு என்று பிரித்துப் பார்க்க இடம் கிடைக்கிறது.

கும்பகோணத்தில் எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் அண்மையில் அப்படி ஒரு நோட்டு எழுதினார். வயது 61. சுகர் இல்லை. நான்கு வருடமாக லோசார்டான் 50 மில்லிகிராம், தினமும் காலை எட்டு மணிக்கு டிபனுக்குப் பிறகு ஒன்று. கிளினிக்கில் பார்த்தபோது 152/92 இருந்ததால் டாக்டர் நோட்டு எழுதச் சொன்னார். டீச்சர் என்பதால் நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தேதி, நேரம், மேல் அளவு, கீழ் அளவு, நாடித்துடிப்பு என்று கட்டம் கட்டியிருந்தார். எல்லாவற்றுக்கும் ஓரத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். அந்தக் கடைசிக் கட்டம்தான் பின்னால் பெரிய வேலை செய்தது.

மேல் அளவு என்பது இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது குழாய்களில் இருக்கும் அழுத்தம். கீழ் அளவு, இதயம் தளர்ந்து அடுத்த துடிப்புக்குத் தயாராகும் நேரத்து அழுத்தம். இரண்டும் பாதரச மில்லிமீட்டர் கணக்கு.

எண்களைக் கூட்டத் தொடங்கும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுவிட வேண்டும்: இந்த எண்களை நம்பலாமா? டீச்சர் அதற்கு முன்பெல்லாம் சோபாவில் சாய்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டுதான் பிபி பார்த்து வந்தார். கை இதயத்தின் உயரத்துக்குக் கீழே இருந்தால் எண் கூடுதலாகக் காட்டும். 2024-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கையை மேஜை மேல் வைத்தவர்களுக்கு வந்ததைவிட மடியில் வைத்தபோது மேல் அளவு சுமார் 4 கூடியது. பக்கவாட்டில் தொங்கவிட்டபோது சுமார் 6 அல்லது 7 கூடியது. நான்கு எண் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். டீச்சருடைய கணக்கு கடைசியில் எல்லைக்கோட்டிலேயே வந்து நின்றது. அங்கே நான்கு எண் தீர்ப்பையே மாற்றிவிடும். நல்லவேளையாக, நோட்டு ஆரம்பிக்கும் முன்பே டைனிங் டேபிளுக்கு மாறிவிட்டார். முதுகு சாயும் நாற்காலி, கால் தரையில், கால் மேல் கால் போடாமல், கை மேஜை மேல். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு முதல் அளவு, ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது. காலையில் எழுந்து சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால். மாலையில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால்.

கையில் சுற்றும் பட்டையும் முக்கியம். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் தையல் டேப் வைத்து அளந்தால் கையின் சுற்றளவு கிடைக்கும். எத்தனை சென்டிமீட்டர் கைக்குப் பொருந்தும் என்று பட்டையிலேயே அச்சடித்திருப்பார்கள். 22 முதல் 32 வரை என்பது பரவலாகக் கிடைப்பது. டீச்சரின் கை 31, பொருந்தியது. பருமனான கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் எண் பொய்யாக ஏறும். மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டியபோது மேல் அளவு கிட்டத்தட்ட 20 வரை கூடுதலாக வந்ததை 2023-ல் ஓர் ஆய்வு காட்டியது. இல்லாத வியாதிக்கு மாத்திரை சாப்பிட வைக்க 20 தாராளமாகப் போதும்.

இன்னொரு சோதனையும் உண்டு. நோட்டில் 130, 140, 120 என்று பூஜ்யத்தில் முடியும் எண்களே வரிசையாக இருந்தால், எழுதியவர் முழுமையாக்கி எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். மிஷின் 137 காட்டியதை 130 என்று எழுதும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் கவலைப்படக் கூடாது என்று பெரிய எண்ணை விட்டுவிடுகிறவர்களும் உண்டு. மிஷினின் மெமரி பட்டனை அமுக்கினால் பழைய அளவுகள் வரும். நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

இனி கணக்குக்கு வருவோம். முதல் நாள் டீச்சருக்குக் காலையில் 156/94, மாலையில் 148/90. (நான் இங்கே கொடுப்பதெல்லாம் அந்தந்த வேளையில் எடுத்த இரண்டு அளவுகளின் சராசரி.) முதல் நாளில் எல்லோருக்கும் ஒரு பதற்றம் இருக்கும். மிஷின் புதிது, பட்டை இறுக்குவது புதிது, என்ன வருமோ என்ற எண்ணம். அதனால் முதல் நாளை அப்படியே தள்ளிவிட்டு மீதியைத்தான் கணக்கில் எடுக்கச் சொல்கின்றன பிரிட்டிஷ், ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள். டீச்சர் பென்சிலால் முதல் வரியை அடித்தார். மீதி 13 நாள்.

இரண்டாம் நாளிலிருந்து எட்டாம் நாள் வரை நோட்டு ஒரே மாதிரி ஓடியது. காலையில் 138-க்கும் 144-க்கும் நடுவில், மாலையில் 126-க்கும் 132-க்கும் நடுவில். ஒன்பதாம் நாள் திடீரென்று ஏறியது. காலை 152/90. பத்தாம் நாள் காலை முதல் அளவு 162/96 காட்டியதும் எனக்குப் போன் வந்துவிட்டது.

"தம்பி, நூத்தி அறுபத்திரெண்டுன்னு காட்டுது. நெஞ்செல்லாம் படபடன்னு இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போயிடட்டுமா?"

நெஞ்சு வலிக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, கை கால் மரத்துப்போகிறதா, பேச்சு குழறுகிறதா என்று கேட்டேன். எதுவும் இல்லை. எண்ணைப் பார்த்த பிறகுதான் படபடப்பே வந்திருக்கிறது. "ஒரு நிமிஷம் விட்டு ரெண்டாவது தடவை எடுங்க டீச்சர், குறிப்புக் கட்டத்தில என்ன நடந்துச்சுன்னு எழுதுங்க" என்றேன். இரண்டாவது அளவு 146/88. சராசரி 154/92. அவர் குறிப்புக் கட்டத்தில் எழுதியிருந்தது இது: "எட்டாம் நாள் கல்யாண வீடு. ரொம்ப நேரம் நின்றது. முழங்கால் வலி. இரவு முதல் வலி மாத்திரை."

மாத்திரை எது என்று கேட்டபோது, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக் என்று தெரிந்தது. பத்தாம் நாள் இரவு வரை சாப்பிட்டிருக்கிறார். பதினோராம் நாள் காலையில்கூட 150/90 இருந்தது. பன்னிரண்டாம் நாள் 144-க்கு இறங்கி, பதின்மூன்றிலும் பதினான்கிலும் பழையபடி 140-க்கு வந்தது.

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் தேக்கி வைக்கும். பிபி ஏறும். அதோடு, லோசார்டான் போன்ற பிபி மாத்திரைகளின் வேலையையும் மழுங்கடிக்கும். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடும்போது சிறுநீரகத்துக்கே ஆபத்து வரலாம். மூக்கடைப்புக்காகத் தரும் சில ஜலதோஷ மாத்திரைகளும், ஸ்டீராய்டு மாத்திரைகளும் பிபியை ஏற்றக்கூடியவை. இவற்றில் பலவற்றைச் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கிவிடுகிறோம் என்பதால் டாக்டருக்குத் தெரிவதே இல்லை. டீச்சருக்கு வலியும், கல்யாணச் சாப்பாட்டின் உப்பும், தூக்கம் கெட்டதும்கூடச் சேர்ந்திருக்கலாம். எது எவ்வளவு ஏற்றியது என்று வீட்டில் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த மூன்று நாளும் வழக்கமான நாட்கள் இல்லை என்பதைக் குறிப்புக் கட்டம் சொல்லிவிட்டது.

அப்படியானால் அந்த மூன்று நாளையும் அடித்துவிடலாமா? என் கருத்து, அடிக்கக் கூடாது. பிடிக்காத நாளையெல்லாம் ஒரு காரணம் சொல்லி எடுத்துக்கொண்டே போனால் எந்த நோட்டும் நல்ல நோட்டாகிவிடும். இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டு இரண்டையும் எழுதி வைப்பதுதான் நேர்மை. டீச்சர் செல்போன் கால்குலேட்டரில் அப்படித்தான் போட்டார். 13 நாளும் சேர்ந்த சராசரி 138/84. வலி மாத்திரை நாட்கள் மூன்றையும் விட்டுவிட்டுப் பார்த்தால் 135/83.

வீட்டில் எடுக்கும் சராசரிக்கு 135/85 என்பதுதான் உலகில் பரவலாக ஏற்கப்பட்ட எல்லைக்கோடு. கிளினிக்கில் 140/90 என்பதற்குச் சமமானது இது. மேல் அளவோ கீழ் அளவோ ஏதாவது ஒன்று கோட்டைத் தொட்டாலே அதிகம் என்றுதான் கொள்ள வேண்டும். கீழ் அளவு நன்றாக இருக்கிறதே என்று மேல் அளவை விட்டுவிடக் கூடாது. வயது கூடக் கூட ரத்தக் குழாய்கள் விறைப்பதால் மேல் அளவு மட்டும் ஏறுவதுதான் அதிகம் நடக்கிறது. அமெரிக்காவில் 2017-லிருந்து இதைவிடக் கடுமையாக 130/80 என்று வைத்திருக்கிறார்கள். சுகர், சிறுநீரகக் கோளாறு, ஏற்கெனவே மாரடைப்பு அல்லது பக்கவாதம் வந்தவர்களுக்கு நம் ஊர் டாக்டர்களும் குறைவான இலக்கையே சொல்வது வழக்கம். மாறாக, 80 வயதைத் தாண்டியவருக்குக் கொஞ்சம் தளர்த்துவார்கள். உங்கள் இலக்கு எது என்பதை டாக்டரிடம் கேட்டு நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் சராசரி போட்டுப் பயனில்லை.

டீச்சரின் சராசரி மூன்று நாளைச் சேர்த்தால் கோட்டுக்கு மேலே, விட்டால் சரியாகக் கோட்டின் மேல். "ஒரு பையன் பாஸா ஃபெயிலான்னு முப்பத்தஞ்சுலயே நிக்கிற மாதிரி இருக்கே தம்பி" என்றார். இப்படி ஒரு இழுபறி வரும்போதுதான் காலை, மாலை என்று பிரிக்க வேண்டும். வழக்கமான பத்து நாளை மட்டும் எடுத்துப் பிரித்தோம். காலைச் சராசரி 141/86. மாலைச் சராசரி 129/79. பன்னிரண்டு எண் வித்தியாசம்.

மாலையை மட்டும் பார்த்தால் நன்றாகக் கட்டுப்பாட்டில் இருக்கும் ஒருவர். காலையை மட்டும் பார்த்தால் கட்டுப்பாடு போதாத ஒருவர். இரண்டும் ஒரே ஆள்தான். இரண்டையும் ஒன்றாகக் கலந்து 135 என்று சொன்னபோது இந்தச் செய்தி மறைந்துபோயிருந்தது. விடியற்காலையில் உடல் விழித்துக்கொள்ளும்போது பிபி இயல்பாகவே ஏறும். அதே நேரத்தில் முந்தின நாள் காலை எட்டு மணிக்குச் சாப்பிட்ட மாத்திரையின் வேகம் குறைந்து கடைசிக் கட்டத்தில் இருக்கும். மாலை ஏழு மணிக்கோ அது நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும். லோசார்டான் சிலருக்கு 24 மணி நேரமும் ஒரே மாதிரி தாக்குப்பிடிப்பதில்லை. தூக்கத்தில் குறட்டை விட்டு மூச்சுத் திணறுகிறவர்களுக்கும் காலை அளவு ஏறியே இருக்கும். இரவில் மது குடிப்பதும் அப்படித்தான். காரணம் எது என்று முடிவு கட்டுவது டாக்டரின் வேலை. காலை தொடர்ந்து கோட்டுக்கு மேலே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது நோட்டு வைத்திருப்பவரால் முடிகிற வேலை. பக்கவாதமும் மாரடைப்பும் காலை வேளையில் அதிகம் வருகின்றன என்பதால் இதை அலட்சியப்படுத்த முடியாது.

இதற்கு நேர்மாறான அமைப்பும் உண்டு. காலையில் சரியாக இருந்து மாலையில் 100-க்கும் கீழே போய், எழுந்து நின்றால் தலை சுற்றினால், மாத்திரை அதிகமாகிவிட்டதோ என்று பார்க்க வேண்டியிருக்கும். வயதானவர்களுக்கு இது முக்கியம். அவர்கள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அதிலிருந்து மீள்வது கஷ்டம். உட்கார்ந்து ஒரு அளவு எடுத்துவிட்டு, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் இன்னொன்று எடுத்துப் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், சராசரி எவ்வளவு அழகாக இருந்தாலும் டாக்டருக்குச் சொல்ல வேண்டும்.

கணக்குப் போட வராதவர்களுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. கடைசிப் பத்து அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மேல் அளவு 135 அல்லது அதற்கு மேல் எத்தனை தடவை வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். மூன்று அல்லது அதற்கு மேல் இருந்தால் பிபி கட்டுப்பாட்டில் இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். நாள் முழுக்க இடுப்பில் மிஷின் கட்டி எடுக்கும் சோதனையோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் இந்த முறையைச் சொன்னார்கள். டீச்சரின் கடைசிப் பத்து அளவுகளில் காலையில் எடுத்த நான்கும் 135-க்கு மேலே இருந்தன, மாலையில் எடுத்த ஆறும் கீழே. நான்கு என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டியதுதான். இரண்டு வழியும் ஒரே பதிலைச் சொன்னது அவருக்குத் தெம்பாக இருந்தது.

எவ்வளவு அவசரம் என்பதைச் சராசரியே சொல்லிவிடும். 135/85-க்குக் கீழே இருந்தால் வழக்கமான தேதியில் நோட்டைக் காட்டினால் போதும். 135-க்கும் 149-க்கும் நடுவில் இருந்தால் ஒன்றிரண்டு வாரத்துக்குள் நேரம் கேட்டுப் போகலாம், இரவோடு இரவாக ஓட வேண்டாம். மேல் சராசரி 150 அல்லது கீழ் சராசரி 95 ஆகிவிட்டால் அந்த வாரத்துக்குள்ளேயே போய்விடுங்கள். கிளினிக்கில் அதிகமாகவும் வீட்டில் நன்றாகவும் இருந்தவர்கள் விஷயம் முடிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. அவர்களில் சிலருக்குச் சில வருடங்களில் வீட்டிலும் ஏறிவிடுகிறது. வருடத்துக்கு ஒருமுறையாவது இதே போல ஒரு நோட்டு எழுதிப் பார்ப்பது நல்லது.

சராசரி வரும்வரை காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. மிஷின் 180/120 அல்லது அதற்கு மேல் காட்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் செயலிழப்பது, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, திடீரென்று பார்வை மங்குவது, குழப்பம், தாங்க முடியாத தலைவலி இவற்றில் எது இருந்தாலும் உடனே 108. பக்கவாதத்தின் அறிகுறிக்கு எண்ணே தேவையில்லை. பிபி 130 இருந்தாலும் வாய் கோணினால் 108தான். அறிகுறி எதுவும் இல்லாமல் 180 மட்டும் காட்டினால், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி எடுங்கள். இறங்காவிட்டால் அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். பதறிப்போய் கையிலிருக்கும் மாத்திரையை இரண்டாகச் சாப்பிடாதீர்கள், பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கிப் போடவே போடாதீர்கள். பிபி வேகமாக விழுந்தால் மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து அதுவே ஆபத்தாகிவிடும்.

கர்ப்பிணிகளுக்கு இந்த இரண்டு வாரக் கணக்கே கிடையாது. 140/90 ஒருமுறை வந்து, சற்று ஓய்வெடுத்துப் பார்த்த பிறகும் நின்றால் அன்றைக்கே பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். தலைவலியோ, கண் மங்குவதோ, மேல்வயிற்று வலியோ சேர்ந்தால் உடனே ஆஸ்பத்திரி.

பல மிஷின்களில் துடிப்பு சீராக இல்லாவிட்டால் ஒரு சின்ன இதயக் குறி தெரியும். கை அசைந்தாலும் அது ஒருமுறை வந்து போகும். நோட்டு எழுதும் நாட்களில் அடிக்கடி வந்தால் குறிப்புக் கட்டத்தில் எழுதுங்கள், ஈசிஜி எடுக்க வேண்டியிருக்கும். துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கு மிஷின் காட்டும் எண்ணும் அவ்வளவு நம்பகமாக இருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

டீச்சர் அடுத்த வாரமே போனார். நோட்டோடு மிஷினையும் பையில் வைத்துக்கொண்டு போனது நல்லதாயிற்று. டாக்டர் முதலில் தன் மிஷினையும் அவருடையதையும் மாற்றி மாற்றிக் கட்டி ஒப்பிட்டார், இரண்டும் ஒத்துப்போயின. பிறகு இரண்டு கையிலும் பார்த்தார். ஒரு கைக்கும் இன்னொரு கைக்கும் 15-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் கூடுதலாகக் காட்டும் கையில்தான் எப்போதும் எடுக்க வேண்டும். டீச்சருக்கு அப்படி இல்லை. நோட்டைப் புரட்டியவர் பத்தாம் நாளில் நின்றார். "டைக்ளோஃபெனாக்கா? யார் தந்தது?" என்றுதான் முதலில் கேட்டார். இனிமேல் கேட்காமல் அதைத் தொடக் கூடாது என்றார், வலிக்கு வேறு வழி சொன்னார். சிறுநீரகத்துக்கும் பொட்டாசியத்துக்கும் ரத்தப் பரிசோதனை எழுதினார். காலை, மாலைச் சராசரிகளை அருகருகே பார்த்துவிட்டு, லோசார்டானை நிறுத்தி, அதே குடும்பத்தில் நீண்ட நேரம் வேலை செய்யும் டெல்மிசார்டானுக்கு மாற்றினார். இது அவருக்கான முடிவு. இன்னொருவருக்கு அளவைக் கூட்டலாம், இரண்டாவது மாத்திரை சேர்க்கலாம், எதையும் மாற்றாமல் உப்பை மட்டும் குறைக்கச் சொல்லலாம்.

புது மாத்திரை முழுதாகப் பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும் என்பதால், ஒரு மாதம் கழித்து மறுபடி ஒரு நோட்டு எழுதச் சொன்னார். அதில் காலைச் சராசரி 131/80, மாலைச் சராசரி 127/78. அந்த இடைவெளி பன்னிரண்டிலிருந்து நான்காகச் சுருங்கியிருந்தது.

ஊரில் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீடு தேடியோ மாத்திரை வாங்குகிறவர்களும் இதே நோட்டைக் காட்டலாம். மாத்திரை தருகிறவரிடம் "காலையில் மட்டும் அதிகமாக இருக்கிறது" என்று சொல்வதோடு விடாமல், சுகாதார நிலைய டாக்டரிடம் பக்கத்தை நேரில் காட்டுங்கள். நீளமான விளக்கம் வேண்டாம். பக்கத்தின் மேலே நான்கு வரி இருந்தால் போதும்: காலைச் சராசரி, மாலைச் சராசரி, சாப்பிடும் எல்லா மாத்திரைகளும் அவற்றின் நேரமும், வழக்கத்துக்கு மாறான நாட்களும் அவற்றின் காரணமும். எல்லா மாத்திரைகளும் என்றால் கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை, சளி மாத்திரை, நாட்டு மருந்து எல்லாம்தான். நோட்டு நன்றாக இருக்கிறது என்பதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். பெரும்பாலும் அந்த மாத்திரை வேலை செய்வதால்தான் நோட்டு நன்றாக இருக்கிறது.